பார்வையற்ற தங்கை 10 கிலோமீட்டர் ஓடினாள்: படத்துக்குக் கீழே என்ன எழுதலாம்?

கேள்வி: "கண் தெரியாவிட்டாலும் மனம் தளராமல் 10 கி.மீ. ஓடி முடித்தாள் என் தங்கை. எல்லாம் இருந்தும் சோம்பிக் கிடக்கும் நமக்கு இவள் ஒரு பாடம்." இப்படி எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: இரண்டாவது வரியை அடித்துவிடுங்கள். அதில் தங்கையைக் காணோம், சோம்பேறிகள்தான் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளியை மற்றவர்களுக்கு உசுப்பேற்றும் பொருளாக்குவதை ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஸ்டெல்லா யங் 2014-இல் சிட்னி மேடையில் கிண்டலடித்தே பேசினார். அவரும் மாற்றுத்திறனாளிதான்.

முதல் வரியில் இடிப்பது அந்த 'தெரியாவிட்டாலும்'. உங்கள் அண்ணன் ஓடியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? எவ்வளவு நேரம், எங்கே மூச்சு வாங்கியது, அடுத்து என்ன. அதையே தங்கையிடமும் கேளுங்கள்.

கேள்வி: கேட்டேன். 1 மணி 8 நிமிடம். கடைசி 2 கி.மீ.தான் வேகமாம். கூட ஓடியவர் கையும் இவள் கையும் ஒரு கயிற்றில் இணைந்திருப்பது படத்தில் தெரிகிறது. "அவர் கைபிடித்து அழைத்துவந்தார்" என்று போடலாமா?

பதில்: போடாதீர்கள், தப்பு. பாராலிம்பிக் விதிப்படி வழித்துணை ஓட்டக்காரர் இழுக்கவோ தள்ளவோ கூடாது. எல்லைக்கோட்டையும் வீராங்கனைதான் முதலில் தாண்ட வேண்டும். வேகத்தை முடிவு செய்வது அவள், ஈடுகொடுப்பது அவர். இப்படி எழுதிப் பாருங்கள்:

"10 கி.மீ., 1 மணி 8 நிமிடம். கடைசி 2 கி.மீ.யில் வேகத்தைக் கூட்டினாள் என் தங்கை. கயிற்றின் மறுமுனையில் ஈடுகொடுத்து ஓடியவருக்கும் ஒரு சபாஷ்!"

கேள்வி: எதற்கு இவ்வளவு? குறைபாட்டைப் பற்றியே பேசாமல் விட்டால் மரியாதையாகத்தானே இருக்கும்?

பதில்: பாதி சரி. மேலே உள்ள வரியிலும் 'பார்வை' என்ற சொல் இல்லை. ஆனால் கயிறு தெரியாதபடி படத்தை வெட்டினீர்கள் என்றால் அது மறைப்பு. சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். முதல்முறையாகத் தனியாகப் பேருந்தில் போய் வந்தான். இத்தனை வருஷம் நான் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதலாமா?

பதில்: உங்கள் பாடு பெரிதுதான், அதைத் தனியாக எழுதுங்கள் அம்மா. இந்தப் படம் அவனுடையது. "இறங்கும் நிறுத்தத்தை அவனே பார்த்து இறங்கினான்" என்பது போதும். தனியாகப் போகிறவன், அதனால் பேருந்து எண்ணும் நேரமும் வேண்டாம். போடுவதற்கு முன் படத்தை அவனிடம் காட்டுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். ஒன்றுமே சொல்லாவிட்டால்? எனக்கும் அதில் தெளிவில்லை. நானாக இருந்தால் குடும்பத்துக்குள் மட்டும் பகிர்வேன்.

கேள்வி: நான் பார்வையற்றவன், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் கேட்பவன். அந்தத் தங்கை படத்தில் என்ன இருக்கிறது என்று யாருமே எழுதவில்லையே?

பதில்: நல்ல பிடி! படவிவரம் என்ற இடத்தில் "எல்லைக்கோட்டில் தங்கை அரை அடி முன்னால், வலது கையில் கயிறு, வாய்விட்டுச் சிரிக்கிறாள்" என்பதுபோல் படத்தில் உள்ளதை எழுத வேண்டும். அவளும் தன் படத்தைக் கேட்டுத்தானே தெரிந்துகொள்வாள்.