பச்சை குத்திய மணிக்கட்டில் தப்பாகக் காட்டும் வாட்ச்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: என் இடது மணிக்கட்டு முழுக்கக் கறுப்பு மையில் பச்சை குத்தியிருக்கிறேன். ஓட்டப் பயிற்சிக்காகவே ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பல நேரம் துடிப்பு வருவதில்லை. வேகமாக ஓடும்போது மார்புப் பட்டை 150 காட்டினால் வாட்ச் 172 காட்டுகிறது. “டாட்டூ இருந்தால் அப்படித்தான், கையேட்டிலேயே போட்டிருக்கிறோம்” என்று பணம் தர மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் புகாரில் இரண்டு குறைகள் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் ஒன்றாக எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்பு டாட்டூவைக் காட்டியே முழுப் புகாரையும் தள்ளிவிடும். முதலில் பிரித்துக்கொள்வோம்.

வாட்சின் அடிப்பக்கம் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடும்போது, திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தைத்தான் சென்சார் எண்ணுகிறது. டாட்டூ மை தோலுக்குள்ளேயே நடுவில் இருப்பதால் ஒளியைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடுகிறது. மெல்லிய கோடுகளைவிட, உங்களுடையதைப் போல அடர்த்தியாக நிரப்பிய கறுப்பில் சிக்கல் அதிகம். 2015இல் ஆப்பிள் வாட்ச் வந்தபோதே இந்தப் புகார் எழுந்தது. டாட்டூவின் மையும் வடிவமும் அடர்த்தியும் ஒளியைத் தடுக்கலாம் என்று அந்த நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியது.

அதனால் டாட்டூ விஷயத்தில் வாட்ச் பழுது என்று வாதாடாதீர்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வரம்பை உங்களிடம் எப்போது சொன்னார்கள்? விற்பனைப் பக்கத்தில் தெளிவாக இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். பெட்டியைப் பிரித்த பிறகு படிக்கும் கையேட்டில் மட்டும் இருந்தால், பணம் கட்டும் முன் தெரிவிக்கவில்லை என்று வாதிட இடமுண்டு. வாங்கும்போது “டாட்டூ இருக்கிறது, வேலை செய்யுமா?” என்று நீங்கள் கேட்டு, அவர்கள் “செய்யும்” என்று பதில் போட்டிருந்தால், அந்தச் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கையில் இருக்கக்கூடிய மிக வலுவான ஆதாரம் அதுதான்.

அப்புறம் அந்த 172. அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, அது உங்கள் துடிப்பே அல்ல, காலடி எண்ணிக்கை என்று. ஓடும்போது கை வீச, வாட்ச் குலுங்க, தோலடி ரத்தமும் அதே தாளத்தில் அசைகிறது. துடிப்பின் சைகை மெலிந்திருந்தால் மென்பொருள் இந்தத் தாளத்தைத் துடிப்பென்று பிடித்துக்கொள்ளும். ஓடுபவர்கள் நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது சாதாரணம். செயலியில் அதே ஓட்டத்தின் காலடி வரைபடத்தைத் திறந்து துடிப்பு வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால் சந்தேகம் தீர்ந்தது.

இனி ஆதாரம் தயாரிக்க வேண்டும். டாட்டூ இல்லாத வலது கையில், மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நகராதபடி வாட்சைக் கட்டுங்கள். மார்புப் பட்டையும் கூடவே இருக்கட்டும். அது இதயத்தின் மின்சைகையை அளப்பதால் கையில் உள்ள மை அதைப் பாதிக்காது. ஐந்து நிமிடம் உட்காருங்கள், சீராக ஓடுங்கள், கடைசியில் வேகத்தைக் கூட்டுங்கள். இன்னொரு நாள் இதையே இடது கையில் செய்யுங்கள். சில நாட்கள் மாற்றி மாற்றிச் செய்து, திரைப் படங்களோடு நிற்காமல், நேரம் பதிந்த தரவுக் கோப்புகளையும் இறக்கி வையுங்கள். வேகம் கூட்டிய முதல் சில நொடிகளில் வாட்ச் பின்தங்குவது சகஜம், அதை வைத்துப் புகார் எழுத வேண்டாம்.

வலது கையில் சரியாக இருந்தால், முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்ற வாதம் மட்டுமே மிஞ்சும். வலது கையிலும் காலடியைத்தான் காட்டுகிறது என்றால் வழக்கு உங்கள் பக்கம் திரும்புகிறது. அப்போது டாட்டூ ஒரு பதிலே ஆகாது. கடும் பயிற்சிக்கு என்று விளம்பரம் செய்த பொருள் அந்தப் பயிற்சியிலேயே தவறுகிறது. 2016இல் ஃபிட்பிட் மீது கலிபோர்னியாவில் இப்படித்தான் வழக்குப் போட்டார்கள். தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்ட நிறுவனத்தின் மனுவை 2018இல் நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்கவில்லை. வாட்ச் தவறு என்று அது தீர்ப்பல்ல, ஆனால் விளம்பர வாசகத்தின் கனம் அதில் தெரியும். “இது மருத்துவக் கருவி அல்ல” என்று உங்களுக்கும் பதில் வரும். அது மருத்துவப் பயன்பாட்டுக்கான பதில். “தீவிரப் பயிற்சியிலும் துல்லியம்” என்று அவர்களே எழுதியிருந்தால் அதற்குப் பதிலாகாது. அந்தப் பக்கத்தை மாற்றிவிடும் முன், இன்றே தேதியோடு சேமித்து வையுங்கள்.

திருப்பித்தரும் கெடு முடியும் முன், சோதனை முடிவுகளோடு எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தையே நுகர்வோர் புகாரோடு இணைக்கலாம். அதுவரை, இத்தனைக்கு மேல் துடிப்பு ஏறக்கூடாது என்று மருத்துவர் உங்களுக்கு வரம்பு சொல்லியிருந்தால், தயவுசெய்து மார்புப் பட்டையை மட்டும் பார்த்து ஓடுங்கள்.