தமிழாக்கியதும் கட்டங்கள் நகர்ந்துவிடும் படிவம்

"திட்ட விண்ணப்பத்தை வேர்டில் தமிழாக்கி பிடிஎஃப் ஆக்கினேன். கட்டங்கள் கீழே இறங்கிவிட்டன, டிக் பெட்டியும் வேலை செய்யவில்லை."

புதிய பிடிஎஃப்பை அப்படியே அனுப்பாதீர்கள். மூலப் பிடிஎஃப்பை அக்ரோபேட்டில் திறந்து, Organize Pages பகுதியில் Replace கொடுத்துத் தமிழ்ப் பக்கத்தை உள்ளே மாற்றுங்கள். எழுத்து மட்டும் மாறும். நிரப்பும் கட்டங்களும் டிக் பெட்டிகளும் பழைய இடத்திலேயே இருக்கும். அவை பக்கத்தின் மேல் தனியாக வைக்கப்பட்டவை, வேர்டு வழியாகப் போனால் பெரும்பாலும் தொலைந்துவிடும்.

கட்டங்கள் இறங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் நீளம்தான். "Applicant's Name" ஒரு வரியில் அடங்கும், "விண்ணப்பதாரரின் பெயர்" இரண்டாவது வரிக்குப் போய்க் கீழே உள்ளதையெல்லாம் தள்ளும். எனவே வேர்டு அட்டவணையில் வரிசை உயரத்தை Exactly என்று பூட்டிவிட்டு, அடங்காத இடத்தில் சொல்லைச் சுருக்குங்கள். எழுத்தைப் பொடியாக்கினால் முதியவர்களுக்குப் படிக்க முடியாது.

அப்புறம் Tab விசையை அழுத்திக்கொண்டே போய் ஒவ்வொரு கட்டத்திலும் தமிழில் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கட்டத்தின் எழுத்துருவில்.

கட்டங்களின் உள்பெயர்களை மட்டும் தமிழாக்க வேண்டாம், தரவை வாங்கும் மென்பொருள் அவற்றைத்தான் தேடும். படிவம் அடோபி லைவ்சைக்கிள் மென்பொருளில் உருவாக்கும் எக்ஸ்எஃப்ஏ வகை என்றால் இந்த வழி உதவாது.