18650 பெரியதா, 4680 பெரியதா?

அன்புள்ள ஐயா,

தோட்டத்துக்கு எடுத்துச் செல்லும் டார்ச் லைட்டில் செல் ஓய்ந்துவிட்டது. அதில் 18650 என்று அச்சிட்டிருந்தது. கடையில் கேட்டால் அதே 18650-ஐ இரண்டு வகையாகக் காட்டினார்கள். ஒன்றில் 3000 மில்லி ஆம்பியர் மணி என்றும், மற்றதில் 9900 என்றும் போட்டிருக்கிறது. 9900 போட்டதுதான் விலை குறைவு. பக்கத்தில் சற்றுப் பருமனாக 21700 என்று ஒன்று இருந்தது. மின்சார ஸ்கூட்டர் விளம்பரத்தில் 4680 என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எண்ணைப் பார்த்தால் அது சின்ன செல்லாக அல்லவா தெரிகிறது? இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும்? நான் எதை வாங்க?

ஒரு வாசகர், தாராபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

9900 போட்ட செல்லை வாங்காதீர்கள். அந்த எண் பொய். செல்லைப் பிரித்துப் பார்க்காமலே அதை நிரூபிக்கலாம். அதற்குத் தேவையான கணக்கு 18650 என்ற எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

முதல் இரண்டு இலக்கங்கள் விட்டம்: 18 மில்லிமீட்டர். அடுத்த மூன்று இலக்கங்கள் நீளம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை: 65.0. கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. கைக்கடிகாரத்திலும் கார் சாவியிலும் இருக்கும் பொத்தான் செல்லை நினைத்துப் பாருங்கள். 2032 என்றால் விட்டம் 20, தடிமன் 3.2 மில்லிமீட்டர். அங்கும் கடைசி இலக்கம் பத்தில் ஒரு பங்குதான். இப்படிப் படித்தால் 21700 என்பது 21-க்கு 70. 26650 என்பது 26-க்கு 65. 14500 என்பது 14-க்கு 50.

டெஸ்லா நிறுவனம் 2020 செப்டம்பரில் தன் புதிய செல்லை அறிவித்தபோது அந்தக் கடைசிப் பூஜ்யத்தை எழுதாமல் விட்டது. 4680 என்பது 46-க்கு 80. பழைய முறையில் எழுதியிருந்தால் 46800 ஆகியிருக்கும், உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்காது. ஆகவே எண்ணை முழுதாகப் பார்த்துப் பெரிது சிறிது சொல்லக் கூடாது. இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும்.

விட்டமும் நீளமும் தெரிந்துவிட்டால் கனஅளவு தெரிந்துவிடும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்குங்கள். 18 × 18 × 65 × 0.785 போட்டால் சுமார் 16,500 கன மில்லிமீட்டர், அதாவது 16.5 கன சென்டிமீட்டர். 21700-க்கு இதே கணக்கில் 24.2 வருகிறது. விட்டத்தில் கூடியது 3 மில்லிமீட்டர், நீளத்தில் கூடியது 5 மில்லிமீட்டர். ஆனால் உள்ளிடம் ஏறத்தாழ 47 சதவீதம் கூடிவிட்டது. அதில் பெரும்பங்கு விட்டத்தால் வந்தது, ஏனென்றால் விட்டம் கணக்கில் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. 4680-க்கு 133 கன சென்டிமீட்டர். எட்டு 18650 செல்களை ஒன்றாக உருக்கி வார்த்தால்தான் அந்த அளவு வரும்.

இப்போது 9900-க்கு வருவோம். நல்ல நிறுவனங்கள் செய்யும் 18650 செல்களில் அதிகக் கொள்ளளவு உள்ளவை சுமார் 3500 மில்லி ஆம்பியர் மணி. அதாவது 3.5 ஆம்பியர் மணி. சராசரி மின்னழுத்தமான 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி. அதை 16.5-ஆல் வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.76 வாட் மணி. 5000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 21700 செல்லுக்கும் இதையே செய்து பாருங்கள்: 18 வாட் மணி, வகுத்தால் 0.74. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. 21700 அதிகம் தாங்குவதற்குக் காரணம் உள்ளே இடம் அதிகமாக இருப்பதுதான், உள்ளிருக்கும் பொருள் ஒரே இனம்தான்.

நீங்கள் பார்த்த 9900 செல் உண்மையென்றால் அதில் 35.6 வாட் மணி இருக்க வேண்டும். அதே 16.5 கன சென்டிமீட்டருக்குள். வகுத்தால் 2.16 வருகிறது. தேர்ந்த ஆலைகள் பல ஆண்டுகள் உழைத்து 0.76 வரை வந்திருக்கும்போது, அதைப்போல் மூன்று மடங்கு அடக்கும் செல் பாதி விலைக்கு டார்ச் கடையில் கிடைக்காது. 3000 போட்ட செல்லுக்கு 0.65 வருகிறது, அது நம்பக்கூடிய எண்.

கடையில் தராசு இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். 3000 முதல் 3500 வரை கொள்ளளவு உள்ள நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை எடை இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே பொருள் இல்லை என்று அர்த்தம். ஆனால் எடை சரியாக இருப்பதால் மட்டும் செல் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த ஓய்ந்த செல்லுக்குப் புது உறை போட்டு விற்றாலும் எடை சரியாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, முழுதாக மின்னேற்றி, கொள்ளளவு அளக்கும் மின்னேற்றியில் போட்டு, எத்தனை மில்லி ஆம்பியர் மணி வெளியே வருகிறது என்று பார்ப்பது ஒன்றே வழி. உறையைக் கிழித்துப் பார்க்க மட்டும் முயலாதீர்கள். உருளையின் உடல் முழுவதும் எதிர்முனை. மேலே நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பும் எதிர்முனைதான். உறை கிழிந்த இடத்தில் ஒரு சாவியோ கம்பியோ இரண்டையும் தொட்டால் செல் நொடியில் கொதிக்கும்.

இந்த எண்களுக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தெரியாமல்தான் பலர் பொருளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எண் அளவைச் சொல்லும். உள்ளே என்ன வேதிப்பொருள் என்று சொல்லாது. சோலார் தெருவிளக்குகளில் 32700 என்ற தடித்த செல்லைப் பார்த்திருப்பீர்கள். கனஅளவு 56 கன சென்டிமீட்டர், 21700-ஐப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை: 3.2 வோல்ட், சுமார் 6000 மில்லி ஆம்பியர் மணி. பெருக்கினால் 19.2 வாட் மணி, 21700-ஐவிட ஒரு மயிரிழைதான் அதிகம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.34 மட்டுமே. இடத்தை விட்டுக்கொடுத்து ஆயுளையும் சூடு தாங்கும் பாதுகாப்பையும் வாங்கியிருக்கிறார்கள். கம்பத்தின் மேல் வெயிலில் காயும் விளக்குக்கு அதுதான் சரி. இந்தச் செல்லை 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. உங்கள் டார்ச்சின் மின்னேற்றியோ 4.2 வோல்ட் வரை போகும்.

14500 இன்னும் ஏமாற்றக்கூடியது. அது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல்லின் அதே அளவு, அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும். ஆனால் 1.5 வோல்ட் எதிர்பார்க்கும் கருவிக்குள் 3.7 வோல்ட்டை அனுப்பிவிடும்.

வேதிப்பொருளை அறிய, எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஐஎன்ஆர் என்றிருந்தால் முதலெழுத்து லித்தியம் அயனி, நடு எழுத்து நிக்கல், கடைசி எழுத்து உருளை. நடுவில் சி வந்தால் கோபால்ட், எம் வந்தால் மாங்கனீஸ், எஃப் வந்தால் இரும்பு. எல்லா நிறுவனங்களும் இந்த வரிசையை மதிப்பதில்லை என்பதால் வோல்ட்டையும் சேர்த்துப் படியுங்கள். சில நல்ல 18650 செல்களில் 19/66 என்றும் ஓரிடத்தில் சிறிதாக அச்சிட்டிருப்பார்கள். அது போலி என்பதற்கு அடையாளம் அல்ல. அதிகபட்ச விட்டத்தையும் நீளத்தையும் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி எழுதுவது சர்வதேசத் தர முறை. 21700 செல்லில் அதே முறையில் 22/71 என்று இருக்கும்.

ஸ்கூட்டர்காரர்கள் 4680-ஐப் பற்றிப் பெருமைப்படுவதில் நியாயம் இருக்கிறது, அது வெறும் பருமனால் வந்ததல்ல. உருளைச் செல்லுக்குள் இருப்பது நீளமான உலோகத் தாள்கள், பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டியிருப்பார்கள். பழைய வகையில் தாளின் ஓரிரு இடங்களில் மட்டும் ஒட்டிய சிறிய பட்டை வழியாகத்தான் மின்சாரம் வெளியே வரும். தாளின் கடைசியிலிருந்து அந்தப் பட்டை வரை ஓடிவருவதற்குள் சூடு உண்டாகும். செல் பருக்கப் பருக்கத் தாளும் நீளும், சூடும் கூடும். அதே நேரத்தில் பருமனுக்கு ஏற்ற அளவுக்கு வெளிப்பரப்பு கூடாததால் நடுவில் பிறந்த சூடு வெளியேறச் சிரமப்படும். 1990களில் மடிக்கணினிக்காகப் பரவிய 18650-ஐயே டெஸ்லா தன் முதல் காரில் 6831 செல்களாக அடுக்கியதற்கும், 2017-இல் மாடல் 3 காருக்கு 21700 வரை மட்டும் போனதற்கும் இது ஒரு காரணம். 4680-இல் அந்தப் பட்டையையே எடுத்துவிட்டார்கள். தாளின் விளிம்பு முழுவதையும் மடித்து நேராக முனையோடு இணைத்தார்கள். மின்சாரம் தாளின் அகலத்தைக் கடந்தால் போதும், நீளத்தை ஓடிக் கடக்க வேண்டியதில்லை. 46 மில்லிமீட்டர் விட்டம் சாத்தியமானது அதனால்தான். பிஎம்டபிள்யூ அதே 46 மில்லிமீட்டரில் 95, 120 என்று இரண்டு உயரங்களை எடுத்துக்கொண்டது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா எலக்ட்ரிக் ஆலையில் செய்வதும் 4680-தான்.

உங்கள் டார்ச்சுக்கு 18650, 3.6 அல்லது 3.7 வோல்ட், 3000 போட்டது. 21700 உள்ளே நுழையாது. பலவந்தமாகத் தள்ளினால் உறை கிழியும். வாங்குமுன் பழைய செல்லையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். பாதுகாப்புச் சுற்று பொருத்திய 18650 செல்கள் 65 மில்லிமீட்டரில் நிற்பதில்லை. அடியில் ஒட்டிய சிறிய மின்சுற்றுத் தட்டும் மேலே உள்ள குமிழும் சேர்ந்து 69, 70 வரை போய்விடும், பெயர் மட்டும் 18650 என்றே இருக்கும். பழையது குமிழ் வைத்த நீள வகையாக இருந்து நீங்கள் தட்டைத் தலைச் செல்லை வாங்கினால் டார்ச் எரியாமல் போகலாம். தட்டைத் தலைக்குச் செய்த டார்ச்சில் நீளமானதைப் போட்டால் மூடி முழுதாகத் திருகாது. பழைய செல்லைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்.