செட்டிங் சொன்ன பிறகு “ரெடி” என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ரீஃபர் என்கிற குளிர்பெட்டி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் செட்டிங் விவரத்தை நீளமாக அனுப்பி, “ரெடியானதும் சொல்லு” என்கிறார். “ஓகே சார்” என்று போட்டால் “இன்னா ஓகே?” என்று கத்துகிறார். முழுதையும் திருப்பி எழுதினால் “என் மெசேஜையே எனக்கு அனுப்பறியா?” என்கிறார். ஒன்றிரண்டு வரியில் எப்படிச் சொல்வது?

பதில்:

அவர் இரண்டுக்கும் கத்துவதில் நியாயம் இருக்கிறது. “ஓகே” என்றால் மெசேஜைப் படித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வதா, வேலையை முடித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வதா? முடிந்தது என்று நினைத்தால் அவர் லாரியைக் கிளப்பச் சொல்லிவிடுவார், லோடுமேன்களை வரச் சொல்லிவிடுவார். அதனால் படித்ததற்கு ஒரு பதில், முடித்ததற்கு ஒரு பதில் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். படித்ததும் “பார்த்துட்டேன் சார், இப்போ போறேன்” போதும். “ரெடி” என்ற சொல்லைப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு மட்டும் அனுப்புங்கள்.

முழுதையும் திருப்பி எழுதுவதில் வேறு கோளாறு. அவர் சொன்னதைப் பெட்டி பக்கமே போகாமல், டீக்கடையில் உட்கார்ந்துகூடக் காப்பி அடித்து அனுப்பலாம். அவருக்குத் தன் மெசேஜில் என்ன இருந்தது என்று தெரியும். நீங்கள் கண்ணால் என்ன பார்த்தீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். அவர் இப்படி அனுப்புகிறார்: “காலைல 6 மணிக்கு இறால் ஸ்டஃபிங். கடைசி நாலு நம்பர் 4383, நாப்பது அடி. பிடிஐ ஸ்டிக்கர் பாரு. பிளக் போட்டு செட் பாயின்ட் மைனஸ் 20 வை. வென்ட் குளோஸ். கதவு ரப்பர் பாரு. கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து அலாரம் எதுவும் வரலைன்னா ஆஃப் பண்ணி வை. ரெடியானதும் சொல்லு.”

இதற்கு நான் அனுப்பும் பதில்: “4383 ரெடி சார், செட் மைனஸ் 20, வென்ட் மூடியிருக்கு, அலாரம் இல்லை. மெஷினை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன், ஆறு மணிக்குக் கதவைத் திறக்கலாம்.”

முதலில் எந்தப் பெட்டி என்பது. யார்டில் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக நிற்கும், அவரும் ஒரே நேரத்தில் நாலு பேரிடம் பேசிக்கொண்டிருப்பார். வெறும் “ரெடி சார்” எந்தப் பெட்டிக்கு என்று அவர் தேட வேண்டியிருக்கும். அப்புறம், தப்பினால் சரக்கே போய்விடும் என்கிற விஷயங்கள். சரக்கு ஏற்றும் முன் மெஷினைச் சோதித்ததைக் காட்டும் பிடிஐ ஸ்டிக்கரையும், கதவு ரப்பரையும் பார்த்திருந்தால், நன்றாக இருந்தால், எழுத வேண்டியதில்லை. “ரெடி” என்பதற்குள் அவை அடங்கிவிடும். பார்க்காமல் விட்டிருந்தால் அந்தச் சொல்லையே எழுதக் கூடாது.

செட் பாயின்டை மட்டும் ஏன் எண்ணோடு சொல்ல வேண்டும்? ரீஃபரில் மைனஸும் ஓடும், பிளஸும் ஓடும். வாழைப்பழம் போகிற பெட்டி பிளஸ் 13 பக்கத்தில் ஓடும், உறைந்த இறால் மைனஸ் 18-க்குக் கீழே ஓடும். முந்தைய சரக்குக்கு வைத்த செட்டிங் அப்படியே கிடக்கலாம், குறியைப் போடாமல் எண்ணை மட்டும் அழுத்தியிருக்கலாம். “செட் -20” என்று எழுதினால் அந்தக் கோடு மைனஸா, வெறும் இடைக்கோடா என்று போன் திரையில் தெரியாது. அதனால் “மைனஸ்” என்று எழுத்திலேயே போடுங்கள்.

காற்று போய்வரும் துவாரமான வென்ட்டும் அப்படித்தான். பழத்துக்குக் காற்று மாற வேண்டும், அதனால் திறந்து வைப்பார்கள். உறைந்த சரக்குக்குத் திறந்திருந்தால் நம்மூர் ஈரக்காற்று உள்ளே போய்க் காயிலில் பனியாகப் பிடிக்கும். பனி பிடித்தால் காற்றோட்டம் குறையும், குளிர் இறங்காது.

புதிதாக வருகிறவர்கள் ஒன்றில் தடுமாறுவார்கள்: “மைனஸ் 20ல இருக்கு சார்” என்று எழுதிவிடுவார்கள். செட் பாயின்ட் என்பது நீங்கள் மெஷினுக்குச் சொன்ன அளவு. உள்ளே காற்று எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது டிஸ்பிளேயில் தனியாக வரும். கொஞ்ச நேரம் ஓட்டிய காலிப் பெட்டியில் அது இன்னும் பிளஸ்ஸிலேயே இருக்கலாம். “இருக்கு” என்றால் உள்ளே குளிர்ந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடும். “செட்” என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் குழப்பம் இல்லை.

“ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்” என்பதை விடாமல் சேர்க்கச் சொல்வேன். மெஷின் ஓடும்போது கதவைத் திறந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், மேலே சொன்ன பனி இங்கேயும் வரும். எண்ணூர் காற்றில் எவ்வளவு ஈரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் என்ன நிலையில் இருக்கிறது, அடுத்து அவர் என்ன செய்யலாம் என்று இரண்டாவது வாக்கியம் சொல்லிவிட்டால், அவர் திரும்பக் கூப்பிட மாட்டார்.

ஏதாவது குறை இருந்தால் “ரெடி சார், ஆனா...” என்று ஆரம்பிக்காதீர்கள். போன் மேலே காட்டும் அறிவிப்பில் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும், அதைப் பார்த்தே லாரியை அனுப்பிவிடுவார்கள். “4383 ரெடி இல்லை சார், வலது கதவு ரப்பர் கீழே கிழிஞ்சிருக்கு. வேற பெட்டி எடுக்கவா?” என்று போடுங்கள்.

மெசேஜிலேயே சந்தேகம் இருந்தால், உதாரணத்துக்கு அவர் “20 வை” என்று மட்டும் சொல்லியிருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே “இறால்தானே சார், மைனஸ் 20 வைக்கிறேன்?” என்று கேட்டுவிடுங்கள். முடித்த பிறகு கேட்பதில் பயனில்லை.

ஒரு போட்டோவும் சேர்க்கலாம், டிஸ்பிளே தெரியும்படி. ஆனால் எல்லாப் பெட்டியின் டிஸ்பிளேயும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் போட்டோ மட்டும் போதாது, நம்பரோடு அந்த வரியும் வேண்டும்.

எல்லா இடத்திலும் இந்தச் சுருக்கம் செல்லாது. வாக்கி டாக்கியில் கன்டெய்னர் நம்பரோ சீல் நம்பரோ சொன்னால் ஒவ்வொரு எழுத்தாக, எண்ணாக முழுதையும் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே எழுத்தில் எதுவும் இல்லை, கிரேன் சத்தத்தில் ஃபைவும் நைனும் ஒன்றாகக் கேட்கும். ஓடுபாதை அனுமதியை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதி இருப்பதும் இதே காரணத்தால்தான். கரன்ட் விஷயமும் அப்படித்தான்: “பிரேக்கர் ஆஃப், பிளக்கைக் கழற்று” என்று ஒருவர் சொன்னால், “பிரேக்கர் ஆஃப், பார்த்துட்டேன், கழற்றுறேன்” என்று வாயால் சொல்லிவிட்டே கையை வையுங்கள். சூப்பர்வைசர் அதற்கெல்லாம் கத்த மாட்டார்.