மூன்று சொல்லுக்கு எதற்குச் சம்பளம்? விளம்பரத் தமிழுக்குப் போக விரும்பும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

தமிழ் முதுகலை முடித்த உங்கள் மகள், சென்னையில் உள்ள ஒரு விளம்பர நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் ‘தமிழ் விறைப்பாக இருக்கிறது’ என்ற குறிப்புடன் திருப்பி அனுப்பப்பட்டதையும், அதற்குப் பிறகு அவரைப் பி.எட். சேர்த்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடப்பதையும் எழுதி, இந்த வேலையில் வருமானம் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். வினாத்தாளையும் விடையையும் இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. பட்டத்தையும் மதிப்பெண்ணையும் வைத்து நான் சொல்லக்கூடியதைவிட, அந்த ஒரு வரியை வைத்துச் சொல்லக்கூடியது அதிகம். ஆலோசகராவதற்கு முன் சில ஆண்டுகள் விளம்பரத் துறையில் தமிழ் எழுதியவன் என்ற முறையில், அந்த வரியிலேயே என் பதிலைத் தொடங்குகிறேன்.

தியாகராய நகரில் நான்கு மாடிகளில் துணிக்கடை நடத்தும் ஒரு நிறுவனத்துக்கான தீபாவளி வாசகம் அது. ஆங்கிலத்தில் கொடுக்கப்பட்டிருந்தது, ‘டிரெஸ் எவ்ரிஒன் யூ லவ், திஸ் தீபாவளி’. உங்கள் மகள் எழுதியது, ‘இந்தத் தீபாவளியில், நீங்கள் நேசிக்கும் அனைவரையும் புத்தாடையால் அலங்கரியுங்கள்’. இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் யாரும் யாரிடமும் இந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. தேர்வாளர் ‘விறைப்பு’ என்று குறித்தது இதைத்தான்.

ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். அலங்கரிப்பது என்றால் நமக்குத் தேரும் மணமேடையும் கொலுப்படியும்தான் நினைவுக்கு வரும். மாமனாரை யாரும் அலங்கரிப்பதில்லை. ‘நேசிக்கும் அனைவரும்’ என்பதற்கும் இதே கதிதான். நம் வீடுகளில் பெற்றோரையோ உடன்பிறந்தவர்களையோ நேசிப்பதாக வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் குறைவு; அந்தப் பாசம் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், யாருக்கு என்ன எடுப்பது என்று தாளில் எழுதி வைக்கும் பட்டியலாகத்தான் வெளிப்படும். ‘தீபாவளியில்’ என்பதும் சற்று இடறுகிறது. துணி எடுப்பது தீபாவளிக்கு, தீபாவளியில் அல்ல. ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு இல்லாமல் நின்ற சொல்லுக்குத் தமிழில் எந்த உருபு பொருந்தும் என்பதை வாக்கியத்தின் வினைதான் தீர்மானிக்க வேண்டும்.

அந்த வினை என்ன என்பதுதான் இந்தத் தேர்வின் மையம். ஆங்கிலத்தில் ஒரே வினையில் சொல்லப்பட்ட செயலுக்கு நம்மிடம் இயல்பான பெயர் ‘துணி எடுப்பது’. வாங்குவது என்றுகூட நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. பட்டு எடுக்கிறோம், முகூர்த்தப் புடவை எடுக்கிறோம், தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிறோம். தீபாவளியை ஒட்டிய நாட்களில் ‘எடுத்தாச்சா?’ என்று ஒருவர் கேட்டால், எதை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆகவே ‘துணி’ என்ற சொல்லையும் விட்டுவிடலாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது மூன்று சொற்கள்:

வீட்டுல எல்லாருக்கும் எடுத்தாச்சா?

இந்த வரியில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆச்சா’ என்ற முடிவு. ‘எடுத்துவிட்டாயா’, ‘எடுத்துவிட்டீர்களா’ என்று எழுதினால், கேட்கப்படுபவர் சிறியவரா பெரியவரா என்ற கேள்வி உடனே எழும். விளம்பரப் பலகையோ தெருவில் போகும் எல்லோரையும் பார்த்துப் பேசுகிறது. ‘எடுத்தாச்சா’ என்பதில் நீ, நீங்கள் என்ற வேறுபாடே இல்லை. கணவர் மனைவியிடமும், மருமகள் மாமியாரிடமும், பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடமும் மரியாதைக் குறைவு இல்லாமல் கேட்கக்கூடிய வடிவம் அது. தீபாவளி அன்று காலையில் பல வீடுகளில் ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று கேட்கும் வழக்கமும் இருப்பதால், ‘ஆச்சா’ என்ற ஓசைக்குள்ளேயே பண்டிகையின் வாசம் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் இல்லாத இந்த லாபத்தைத் தமிழ் இலவசமாகத் தருகிறது.

பண்டிகையைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். தேசிய அளவில் எழுதப்படும் ஆங்கில வாசகங்கள் பெரும்பாலும் விளக்கு வரிசையைச் சுற்றியே வருகின்றன; அதை ‘ஒளித் திருவிழா’ என்றோ ‘தீபத் திருநாள்’ என்றோ மாற்றினால், நம் ஊர் வாசகருக்குத் திருவண்ணாமலையும் கார்த்திகையும்தான் கண்முன் வரும். வீடெங்கும் அகல் விளக்கை வரிசையாக வைப்பது நமக்குக் கார்த்திகையில். தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியல், மஞ்சள் தடவிய புதுத்துணி, வெடி, பலகாரம், ஒரு உருண்டை லேகியம். நரக சதுர்த்தசியை ஒட்டி நாம் கொண்டாடுவதும் வடக்கே அமாவாசையில் லட்சுமி பூசை செய்வதும் சில ஆண்டுகளில் அடுத்தடுத்த நாட்களாகிவிடுவதால், ‘இன்று’, ‘நாளை’ போன்ற சொற்கள் மூலத்தில் இருந்தால் நாட்காட்டியைப் பார்க்காமல் மாற்றக் கூடாது.

பேச்சுத் தமிழை எப்படி எழுதுவது என்ற சிக்கலில்தான் தமிழ் படித்தவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கண்ணுக்குப் பழகிய எழுத்து வடிவத்திலிருந்து எவ்வளவு குறைவாக விலகினால் போதுமோ அவ்வளவே விலக வேண்டும். ‘வீட்ல’ என்பதைவிட ‘வீட்டுல’ நல்லது, ஏனெனில் ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவரின் கண் ‘வீட்டு’ என்ற உருவத்தை முழுதாக அடையாளம் கண்டுவிடும். கோயம்புத்தூர்க் கிளைக்கு ‘எடுத்தாச்சுங்களா?’ என்று மாற்றுவது பொருந்தும். சென்னைப் பலகையில் அது வேறு ஊர்க்காரர் பேச்சாக ஒலிக்கும். எதைச் செய்தாலும் பாதியில் நிற்கக் கூடாது. ‘வீட்டில் அனைவருக்கும் எடுத்தாச்சா?’ என்று எழுதினால், அரசாணை வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது போல இருக்கும். நான் பார்த்த பயிற்சி விடைகளில் முழு விறைப்பைவிட இந்தப் பாதிக்குப் பாதிதான் அதிகம்.

வாசகத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும் சலுகை நிபந்தனைகளுக்குப் பேச்சுத் தமிழ் ஆகாது. அங்கே எழுத்துத் தமிழ்தான் வேண்டும். ‘50 சதவீதம் வரை தள்ளுபடி’ என்பதில் இடம் போதவில்லை என்று ‘வரை’ என்ற சொல் விடுபட்டால், எல்லாத் துணிக்கும் பாதி விலை என்று பொருளாகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடைக்கான துண்டுப் பிரசுரத்தில் இதே சொல் என் கண்ணில் படாமல் போய், பணம் செலுத்தும் இடத்தில் வாடிக்கையாளர்கள் தாளை நீட்டிச் சண்டை பிடித்தார்கள். அன்றிலிருந்து எண் வரும் வரியை நான் இருமுறை படிக்கிறேன்.

நல்ல வரி ஒன்றை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று உங்கள் மகள் நினைத்துவிடக் கூடாது. அதை ஏற்க வேண்டியவர் பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரியாத சந்தைப்படுத்தல் மேலாளராக இருப்பார். ‘லவ் எங்கே போயிற்று?’ என்பது அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். அதனால் இந்தத் துறையில் ஒரே வரியைத் தனியாக அனுப்பாமல், இரண்டு அல்லது மூன்று வரிகளை அனுப்புவதே வழக்கம். ஒவ்வொன்றுடனும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருளையும், ஏன் இப்படி மாறியது என்பதற்கு ஓரிரு வாக்கிய விளக்கத்தையும் சேர்க்க வேண்டும். நம் வரிக்கு விளக்கம் இப்படி அமையலாம்: தமிழ்க் குடும்பங்களில் அன்பு சொல்லப்படுவதில்லை, எடுத்துக் கொடுக்கப்படுகிறது, ‘வீட்டுல எல்லாருக்கும்’ என்ற தொடர் அந்த அன்பையும், நான்கு மாடிகளிலும் விற்பனை நடக்க வேண்டும் என்ற கடையின் நோக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது.

இரண்டாவது வரியாக ‘எல்லாருக்கும் எடுத்தாச்சு. உங்களுக்கு?’ என்பதைத் தரலாம். எல்லோருக்கும் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டுத் தனக்குக் கடைசியில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும் அம்மாக்களின் மனதை இது உடனே தொடும். வரி என்ற அளவில் இதுவே அழகு என்றும் நான் சொல்வேன். ஆயினும் தலைமை வாசகமாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடை கேட்டது குடும்பம் முழுவதையும் வரவழைக்கும் வரி. இது ஏற்கெனவே எடுத்து முடித்தவரிடம் இன்னொரு புடவை விற்கும் வரி. புடவை மாடியின் படிக்கட்டு அருகே வைக்கலாம் என்று குறித்து அனுப்பினால், மொழி தெரிந்தவர் என்பதோடு வியாபாரம் புரிந்தவர் என்ற பெயரும் கிடைக்கும். இதே கடை குளிர்பதனப் பெட்டியும் மிக்சியும் விற்பதாக இருந்தால் முதல் வரியும் நிற்காது, ஏனெனில் அவற்றை நாம் வாங்குகிறோம். துணியையும் நகையையும் போல ‘எடுப்பது’ இல்லை.

இனி நீங்கள் கேட்ட வருமானக் கேள்வி. வழக்கமான மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் பணம் தருவார்கள். அந்தக் கணக்கில் மேலே உள்ள வரிக்கு மூன்று சொல்லுக்கான காசுதான் வரும். ஆகையால் வாசக வேலைக்கு, எத்தனை வரிகள் தரப்படும், எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பதை முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொண்டு, வேலைக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். விளம்பர நிறுவனங்களில் தமிழ் எழுத்தாளராக மாதச் சம்பளத்துக்குச் சேரவும் வழி உண்டு. தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி ஆகியவற்றுக்கு முந்தைய வாரங்களில் வேலை குவிந்து, மற்ற மாதங்களில் மெலிவது தனியாகச் செய்பவர்களுக்கு இயல்பு. எனவே பி.எட். படிப்பை எதிரியாகப் பார்க்க வேண்டாம். அதைப் படித்துக்கொண்டே, வெளியாகியுள்ள பத்து ஆங்கிலப் பண்டிகை வாசகங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தமிழ் வரிகளையும் விளக்கக் குறிப்பையும் எழுதி ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ளட்டும். அடுத்த நேர்காணலில் முதுகலைச் சான்றிதழுக்கு முன் அதைத்தான் கேட்பார்கள்.

அந்த வரிகளைச் சோதிக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறார். விளம்பரம் என்று சொல்லாமல், சமையலறைப் பக்கம் போய் உங்கள் துணைவியாரிடம் வரியைச் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். ‘அலங்கரியுங்கள்’ என்று முடியும் வரிக்கு அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ‘வீட்டுல எல்லாருக்கும் எடுத்தாச்சா?’ என்று கேட்டு, ‘உங்க தங்கச்சிக்குத்தான் இன்னும் எடுக்கல’ என்று பதில் வந்தால், உங்கள் மகள் அந்த வரியைத் தயங்காமல் அனுப்பலாம்.