நன்றியும் சிபாரிசும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,
வீட்டில் அரைத்த மீன் கறித்தூளை முதல் தடவையாக 32 பேருக்கு விற்றேன். 250 கிராம் 12 வெள்ளி. மறுநாளே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் போட்டு நன்றி சொன்னேன். நண்பரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் 5 வெள்ளி கழிவு என்றும் எழுதினேன். ஒருவர்கூட வரவில்லை. நான் எழுதிய விதம் தப்பா?
மு., பட்டர்வொர்த்

அன்புள்ள மு.,

முதலில் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். புது வாடிக்கையாளர் பலர் சேமித்திருக்க மாட்டார்கள். 32 பேர்தானே, தனித்தனியாக அனுப்புங்கள்.

அடுத்தது நாள். மறுநாள் உங்கள் தூள் அலமாரியில்தான் இருந்திருக்கும். குழம்பு வைத்துச் சாப்பிடாதவர் யாரிடம் போய் என்ன சொல்வார்? ஒரு வாரம் விட்டு, "மீன் குழம்பு எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருந்தது என்றவரிடம்தான் அடுத்த பேச்சு. உறைப்பு அதிகம் என்றவருக்கு நன்றியோடு நிறுத்துங்கள். அவரிடம் ஆள் கேட்பது அழகில்லை.

கழிவுக் கணக்கையும் பாருங்கள். மிளகாய், மல்லி, அரவைக் கூலி, பை எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலத்துக்கு 8 வெள்ளி ஆகிறது என்று வைப்போம். கையில் நிற்பது 4. இருவருக்கும் ஐந்தைந்து கொடுத்தால், ஆள் சேரச் சேர உங்களுக்கு நட்டம். அதைவிட, சொல்கிறவருக்குக் காசு என்றாலே அவருக்குக் கூச்சம் வரும்: 'கமிஷனுக்காகத் தலையில் கட்டுகிறாள்' என்று தோழி நினைப்பாளே! கொடுப்பதைப் புதிதாக வருபவருக்குக் கொடுங்கள். ஒரு சின்ன ரசப்பொடிப் பொட்டலம் போதும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அக்கா, முதல் அரைப்பில் எடுத்த 32 பேரில் நீங்களும் ஒருவர். ரொம்ப நன்றி. குழம்பு கெட்டியாக வந்தது என்றீர்களே, அது கேட்டு நிம்மதி. மீன் குழம்பு விரும்பும் யாராவது ஞாபகத்துக்கு வந்தால், கீழே உள்ளதை அவருக்கு அனுப்பிவிடுங்கள்."

பிறகு தனிச் செய்தியாக, அக்காவே தோழிக்குச் சொல்வது போல:

"பட்டர்வொர்த்தில் வீட்டில் அரைக்கிற மீன் கறித்தூள். நான் வாங்கினேன், நல்லா இருக்கு. 250 கிராம் 12 வெள்ளி. என் பேர் சொன்னா ரசப்பொடி ஒன்னு சேர்த்துத் தருவாங்க."

உங்கள் எண்ணை அதன் அடியிலேயே போடுங்கள். இரண்டையும் ஒன்றாக அனுப்பினால், அவர் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையை யாரும் செய்வதில்லை.

நண்பர்களின் எண்ணை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஒரு கடையில் கேட்டார்களே என்று ஐந்து பேர் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் திட்டு வாங்கினேன்.

ரசப்பொடி எத்தனை பொட்டலம் கட்டினீர்களோ, அது தீர்ந்த அன்றே அந்த வரியை எடுத்துவிடுங்கள். பழைய செய்தி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துத் தாமதமாக வருபவருக்காக நாலைந்து பொட்டலம் ஒதுக்கி வையுங்கள்.