மின் அடுப்பில் சேமியா பாயசம் குழையாமல் வர

"அக்கா, ஜெர்மனிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் சேமியா பாயசம் வைத்தேன். அம்மா சொன்னபடியேதான் செய்தேன், ஆனால் சேமியா எல்லாம் ஒட்டிக்கொண்டு களி மாதிரி ஆகிவிட்டது. இங்கே பால் வேறா, அடுப்பு வேறா? வரும் சனிக்கிழமை 15 பேருக்குச் செய்து எடுத்துப்போக வேண்டும்."

தம்பி, பாலும் கொஞ்சம் வேறுதான். ஆனால் குழைந்ததற்கு அடுப்புதான் காரணமாக இருக்கும். ஊரில் கேஸை மூடினால் தீ அந்த நொடியே போய்விடும். இங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் இருக்கிற கண்ணாடித் தட்டு அடுப்பை அணைத்த பிறகும் பல நிமிடம் சூடு நிற்கும். "வெந்ததும் இறக்கு" என்று அம்மா சொல்லியிருப்பார். நீங்கள் அடுப்பை மட்டும் அணைத்துவிட்டுப் பாத்திரத்தை அங்கேயே விட்டிருப்பீர்கள். அந்தச் சூட்டிலேயே சேமியா மேலும் வெந்து கரைந்திருக்கும். இனிமேல் அணைப்பது பிறகு, முதலில் பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்தில் இருக்கிற ஆறிய தட்டில் வையுங்கள். உங்களுடையது இண்டக்‌ஷன் என்றால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இப்போது வறுப்பதைப் பார்ப்போம். சேமியா தனித்தனியாக நிற்பதற்கு அடித்தளமே இதுதான். மாவுப்பொருள் சூடான திரவத்தைக் குடித்து உப்பி, மேற்பரப்பில் பசையாகக் கசியும்போதுதான் இழைகள் ஒட்டுகின்றன. நெய்யில் வறுத்தால் மேல்பரப்பு காய்ந்து இறுகுகிறது, அதன்மேல் நெய்ப் பூச்சும் ஏறுகிறது. பசை கசிவது குறைந்துவிடும். "வறுத்த சேமியா" என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் நெய்யில் ஒரு முறை புரட்டித்தான் ஆகவேண்டும். அது வெறும் சூட்டில் வறுத்தது, நெய் பட்டிருக்காது.

15 பேருக்கு 2 லிட்டர் பாலும் 160 கிராம் சேமியாவும் போதும். முந்திரியையும் திராட்சையையும் 3 மேசைக்கரண்டி நெய்யில் வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். மீதி நெய்யிலேயே, விரல் நீளத்துக்கு உடைத்த சேமியாவைப் போட்டு, மிதமான சூட்டுக்கும் கீழே வைத்துப் புரட்டிக்கொண்டே இருங்கள். இங்கே சூட்டைக் குறைத்தாலும் தட்டு உடனே ஆறாது. அதனால் நிறம் வரத் தொடங்கியதுமே வாணலியைத் தூக்கிவிட வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: பாதி இழை வெள்ளையாகவும் பாதி பழுப்பாகவும் இருந்தால் புரட்டியது போதவில்லை. எல்லா இழையும் ஒரே பொன்னிறத்தில் இருந்து, வறுத்த கோதுமை வாசனை வந்து, ஒன்றை எடுத்து ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். அந்த நிலையில் உடனே ஒரு தட்டில் கொட்டிப் பரப்புங்கள். சூடான வாணலியிலேயே விட்டால் அடியில் இருப்பது கருகிக் கசக்கும்.

நெய்க்கு அலையவேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் பட்டர்ஷ்மால்ஸ் என்று கிடைப்பது உருக்கிய வெண்ணெய்தான். நம் நெய்யின் மணம் அதில் குறைவு, வறுப்பதற்கு நன்றாகவே உழைக்கும். கடைசியில் ஒரு கரண்டி ஊர் நெய் விட்டால் மணமும் வந்துவிடும். நம் சேமியா கிடைக்கவில்லை என்றால் துருக்கிக் கடைக்குப் போங்கள். அவர்கள் டெல் ஷெஹ்ரியே என்று ஒரு மெல்லிய சேமியா வைத்திருப்பார்கள், அதை வெண்ணெயில் வறுத்துச் சோற்றில் சேர்ப்பது அவர்கள் வழக்கம். பாயசத்துக்கு அது அருமையாகப் பொருந்தும். ஜெர்மன் சூப் நூடுல்ஸ் வாங்கினால் மட்டும் பாக்கெட்டைப் படியுங்கள், பலவற்றில் முட்டை இருக்கும். பாயசத்தில் முட்டை வாசனை வந்தால் யாரும் குடிக்கமாட்டார்கள்.

பாலுக்கு வருவோம். பாக்கெட்டில் 3.5 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், 1.5 வேண்டாம். ஊரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5. அதனால்தான் இங்கே எவ்வளவு காய்ச்சினாலும் நீர்த்தது போலத் தோன்றுகிறது. 30 சதவீதக் கொழுப்புள்ள ஸானே, அதாவது கிரீம், 200 கிராம் கப்பில் கிடைக்கும். 2 லிட்டர் பாலில் ஒரு கப் சேர்த்தால் ஆரஞ்சு பாக்கெட் அளவுக்கு வந்துவிடும். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பால் கெட்டியாகவில்லையே என்று நிறையப் பேர் சேமியாவைக் கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள், களியாவது அங்கேதான். கெட்டித்தன்மை பாலிலிருந்து வரட்டும்.

அடி கனமான, வாயகன்ற பாத்திரத்தைத் தண்ணீரில் அலசிவிட்டு ஈரத்தோடு பால் ஊற்றிக் காய்ச்சுங்கள். கொதித்ததும் தணித்து, தட்டையான மரக்கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டு கால் மணி நேரம் விடுங்கள். பிறகு அரை லிட்டரைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அது சனிக்கிழமை உங்களைக் காப்பாற்றும்.

மீதிப் பால் தளதளவென்று கொதிக்கும்போது சேமியாவைத் தூவிப் போடுங்கள். ஆறிய பாலிலோ வெதுவெதுப்பான பாலிலோ போட்டால், வேகத் தொடங்கும் முன்பே ஊறிப்போய்க் குழையும். போட்டதும் ஒரு தடவை நன்றாகக் கலக்கிப் பிரித்துவிடுங்கள், அப்புறம் அடியை மட்டும் மெல்ல வருடினால் போதும். கிண்டக் கிண்ட இழை உடைந்து மாவு வெளியே வரும். ஐந்து நிமிடத்திலிருந்தே சோதிக்க ஆரம்பியுங்கள். ஒரு இழையை விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. புள்ளி மறைந்து, அழுத்தும்போது லேசான எதிர்ப்பு இருந்தால் அதுதான் பதம். கூழாக நசுங்கினால் தாண்டிவிட்டது.

சர்க்கரை இதற்குப் பிறகுதான். முன்னாலேயே போட்டால் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சேமியா விறைப்பாகவே நிற்கும். பதம் வந்தபின் 220 கிராம் சேர்த்தால் மேற்கொண்டு வேகும் வேகமும் குறையும். இரண்டு நிமிடத்தில் கரைந்ததும் பாத்திரத்தை வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஏலக்காய் முழுதாக வாங்கி அப்போதே பொடித்துப் போடுங்கள். இங்கே கிடைக்கிற ஏலப்பொடியில் பெரும்பாலும் மணம் இருப்பதில்லை.

இறக்கும்போது பாயசம் கொஞ்சம் தண்ணியாகத்தான் தெரியும், கவலைப்படாதீர்கள். ஆறினாலும் சேமியா பாலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும், ரசம் போல ஓடியது இரண்டு மணி நேரத்தில் கெட்டியாகும். எடுத்து வைத்த அரை லிட்டரில் இரண்டு கரண்டி சர்க்கரை கலந்து, கொதிக்கக் காய்ச்சிப் பிளாஸ்கில் தனியாகக் கொண்டுபோங்கள். அங்கே போய்ப் பாயசத்தை மைக்ரோவேவில் சூடாக்கி, இந்தப் பாலை ஊற்றி, அகப்பையால் அடியிலிருந்து மேலே தூக்கிவிட்டுக் கலக்குங்கள். இழைகள் தாமாகப் பிரியும். முந்திரி, திராட்சையும் பரிமாறும் முன்தான் போடவேண்டும், முன்னரே போட்டால் முந்திரி நமத்துவிடும்.

முடிந்தால் வெள்ளிக்கிழமை இரவே சேமியாவை வறுத்து ஆறவைத்து டப்பாவில் மூடிவையுங்கள், அது கெடாது. பாலில் போடுவதை மட்டும் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்துக்கொள்ளுங்கள்.